இருப்பாய்வு சேரவில்லையா? பற்று வரவு மாறிய இடத்தைத் தேடும் கேள்வி பதில்

பிளஸ் ஒன் மாணவி: அக்கா, எட்டு நடவடிக்கை உள்ள கணக்கு. இருப்பாய்வில் பற்று 71,800, வரவு 71,000 வருகிறது. மறுபடி மறுபடி கூட்டியும் அதேதான். குறிப்பேடு சரி என்கிறாள் தோழி. நோட்டுப் பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?

உன் தோழி சொன்னது சரி, குறிப்பேட்டில் தப்பு இல்லை. பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போதுதான் நழுவியிருக்கிறது.

வித்தியாசம் 800. அதில் பாதி 400. குறிப்பேட்டில் 400 என்ற தொகை எங்கே வருகிறது என்று தேடினேன், ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கண்ணனுக்குத் தரவேண்டிய 18,000க்கு 17,600 கொடுத்துக் கணக்கை முடித்த பதிவு அது:

கண்ணன் க/கு ப 18,000
ரொக்கக் க/கு 17,600
பெற்ற தள்ளுபடி க/கு 400

இப்போது உன் பேரேட்டில் பெற்ற தள்ளுபடிக் கணக்கைப் பார். 400ஐ இடப்பக்கம் எழுதியிருக்கிறாய். நமக்குக் கிடைத்த தள்ளுபடி ஆதாயம், வலப்பக்கம் வரவேண்டும். முந்தைய பயிற்சியில் வந்த அளித்த தள்ளுபடி பற்று ஆயிற்றே, கை அந்தப் பழக்கத்தில் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

400 தப்பியதற்கு ஏன் 800 வித்தியாசம்? வரவுப் பக்கத்தில் இருக்கவேண்டிய 400 அங்கே இல்லை, பற்றுப் பக்கத்தில் இருக்கக்கூடாத 400 ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு தொகையை இடம் மாற்றினால் இரண்டு பக்கமும் 71,400.

கல்லூரி மாணவர், முதலாம் ஆண்டு: வித்தியாசத்தைப் பாதியாக்கினால் தப்பு எப்பவும் கிடைக்கும் என்று எங்கள் சார் சொன்னார். எனக்கு 900 வித்தியாசம். ஆனால் 450 என்ற தொகையே கணக்கில் இல்லையே?

'எப்பவும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு தொகை பக்கம் மாறி விழுந்திருந்தால்தான் பாதி உதவும். முதலில் 900 என்ற தொகையையே தேடுங்கள், அதை ஒரு கணக்கில் எழுதாமலே விட்டிருக்கலாம். அதுவும் இல்லை என்றால் 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 17,600ஐ 16,700 என்று எழுதினால் சரியாக 900 குறையும். இதெல்லாம் எங்கே தேடத் தொடங்கலாம் என்பதற்கான துப்பு, அவ்வளவுதான். இரண்டு தப்பு கலந்திருந்தால் மூன்றுமே கைகொடுக்காது.

மேல்நிலைப் பள்ளி வணிகவியல் ஆசிரியர்: இந்தப் பாதிக் கணக்கைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிக் கொடுப்பது சரியா? அப்புறம் எடுத்தெழுதியதைச் சரிபார்க்கவே மாட்டார்கள். பேரேட்டுப் பக்க எண் பத்தியை ஒவ்வொன்றாக டிக் செய்யச் சொல்கிறேன் நான்.

உங்கள் வழி நிதானமானது சார். அந்தப் பத்தியை எடுத்தெழுதிய பிறகே நிரப்பவேண்டும் என்ற ஒழுங்கு இருந்தால், காலியாக இருக்கும் வரியே விட்டுப்போனதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் டிக் அடிக்கும் பையன் தொகையை மட்டும் பார்க்கிறான், பக்கத்தைப் பார்ப்பதில்லை. மேலே அந்த மாணவி 400க்கு நேரே பென்சிலில் டிக் போட்டிருக்கிறாள்! டிக் போடும்போதே 'ப' அல்லது 'வ' என்று ஓர் எழுத்தையும் எழுதச் சொன்னால் குறையும். தேர்வு அறையில் நேரம் இல்லாதவனுக்குப் பாதிக் கணக்கு வேண்டும் என்பதே என் எண்ணம். நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும்.

அதே வகுப்பு மாணவன்: அக்கா, எனக்கு இரண்டு பக்கமும் 71,400. சேர்ந்துவிட்டது. ஆனாலும் டீச்சர் சிவப்பு மையில் அடித்திருக்கிறார். ஏன்?

இதுதான் மோசமான வகை தம்பி. செல்வி 5,000 ரொக்கம் கொடுத்ததற்கு நீ குறிப்பேட்டிலேயே செல்வியைப் பற்று, ரொக்கத்தை வரவு என்று தலைகீழாக எழுதிவிட்டாய். பிறகு அதை ஒழுங்காகப் பேரேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாய். ரொக்கம் 44,400 இருக்கவேண்டியது 34,400 ஆயிற்று. செல்வி 4,000 தரவேண்டியது 14,000 ஆயிற்று. ஒன்றில் 10,000 குறைந்து இன்னொன்றில் 10,000 ஏறியதால் மொத்தம் அசையவில்லை.

இதை இருப்பாய்வு சொல்லாது. ஒவ்வொரு இருப்பையும் எடுத்து, இது நடக்கக்கூடியதா என்று கேட்கவேண்டும். செல்விக்கு விற்றதே 9,000தான், அவர் எப்படி 14,000 பாக்கி வைப்பார்? இப்படிப் பார்க்கும்போது ரொக்கத்துக்கு வரவு இருப்பு வந்தால் தப்பு நிச்சயம், கையில் இல்லாத பணத்தைக் கொடுக்க முடியாது. கொள்முதல் கணக்கு வரவில் நின்றால் பெரும்பாலும் தப்பு. வங்கிக் கணக்கு வரவில் இருந்தால் மட்டும் அவசரப்படாதே, மேல்வரைப்பற்றாக இருக்கலாம்.

வீட்டிலிருந்து படிப்பவர்: ரொக்கக் கணக்கின் வரவுப் பக்கத்தில் 'வாடகைக் க/கு 3,000' என்று விடையில் இருக்கிறது. வாடகை செலவுதானே, பற்று அல்லவா? புத்தகம் தப்பா?

புத்தகம் சரி. அந்தப் பக்கம் ரொக்கத்தின் பக்கம், 3,000 வெளியே போனதால் வரவு. எதற்காகப் போனது என்று காட்டவே எதிர்க்கணக்கின் பெயரை எழுதுகிறோம். வாடகைக் கணக்கைத் திறந்தால் அங்கே பற்றுப் பக்கத்தில் 'ரொக்கக் க/கு 3,000' இருக்கும். கணக்கின் தலைப்பைப் பார்த்துப் பக்கத்தை முடிவு செய்யுங்கள், வரியில் உள்ள பெயரைப் பார்த்து அல்ல.

மளிகைக் கடைக்காரர்: நான் பேங்கில் பணம் கட்டினால் பாஸ்புக்கில் வரவு என்கிறார்கள். என் பையன் நோட்டில் வங்கிக் கணக்கு பற்று என்று எழுதுகிறான். நீங்கள் சொல்கிற மாதிரி தலைகீழாகத்தானே எழுதியிருக்கிறான்?

இல்லை அண்ணே, இரண்டுமே சரி. பாஸ்புக் என்பது வங்கியின் ஏட்டில் உள்ள உங்கள் கணக்கு. அவர்கள் உங்களுக்குத் தரவேண்டிய பணம் என்பதால் அவர்களுக்கு அது வரவு. பையன் எழுதுவது கடையின் ஏடு, உங்களுக்கு அது வரவேண்டிய பணம், பற்று. பாஸ்புக்கைப் பார்த்து அவன் நோட்டைத் திருத்திவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்து மாணவி: தமிழ்நாட்டுக் குறிப்புகளை வைத்துப் பயிற்சி செய்தேன். எல்லாமே எதிர்ப்பக்கம் போய்விட்டது, மிஸ் சிரித்தார்.

உங்கள் பாடத்தில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. இங்கே இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ஆகவே இங்குள்ள குறிப்பில் 'வரவு' என்று கண்டால் உங்கள் 'செலவு' என்று கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து படிப்பதைவிட ஏதாவது ஒன்றோடு நிற்பது நல்லது.

பிளஸ் ஒன் மாணவி: அக்கா, அந்த 800ஐ அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டால், பிறகு திருத்தப் பதிவு 400க்கா, 800க்கா?

800க்கு. வரவுப் பக்கம் குறைந்ததால் அனாமத்து அங்கே 800 வரவாக நிற்கும். திருத்தும்போது அனாமத்துக் க/கு ப 800, பெற்ற தள்ளுபடி க/கு வ 800. முதல் 400 நீ தப்பாக எழுதிய பற்றை அழிக்கிறது, அடுத்த 400 எழுதவேண்டிய வரவை எழுதுகிறது. 400 மட்டும் எழுதினால் தள்ளுபடிக் கணக்கு பூஜ்யத்தில் நின்றுவிடும், அனாமத்திலும் 400 மீதி இருக்கும்.

பெயர் சொல்லாதவர்: எனக்கு 3,250 வித்தியாசம். என்ன தப்பு?

தொகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 9ஆல் வகுபடவில்லை, அதனால் ஒரே ஒரு தப்பு என்றால் அது இலக்கம் இடம் மாறியது அல்ல. 3,250 அல்லது 1,625 உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பேரேட்டுப் பக்கங்களை அனுப்புங்கள், இருப்பு கட்டிய வரிகளும் தெரியும்படி.