மலிவாகத் தெரியும் ஆப்ஷன்

அன்புள்ள ஐயா,

பழைய விலைகளை வைத்து ஆப்ஷன் கணக்குப் போட்டுப் பழகி வருகிறேன். 2022 அக்டோபர் 4 அன்று ட்விட்டர் பங்கு 52 டாலரில் முடிந்தது. அந்த நிறுவனத்தை முழுதாக வாங்க மஸ்க் பங்குக்குத் தருவதாகச் சொன்ன விலை 54.20. பங்கை 55 டாலர் ஸ்டிரைக் விலைக்கு வாங்கும் உரிமை தரும் கால் ஆப்ஷன் மூன்று டாலர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்கு விலையே இல்லை. முந்தைய வாரத்து ஏற்ற இறக்கத்தைச் சூத்திரத்தில் போட்டால் நல்ல பிரீமியம் வருகிறது. ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பான ஐ.வி. இவ்வளவு விழுந்திருக்கும்போது வாங்கினால் லாபம்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கணக்கில் தவறில்லை. அந்தச் சூத்திரம் எந்த மாதிரிப் பங்குக்கு எழுதப்பட்டதோ, அந்த மாதிரிப் பங்காக ட்விட்டர் அன்று இல்லை.

பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம், விலை சிறு சிறு அடிகளாக மேலும் கீழும் நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. ரொக்கத்துக்கு வாங்கப்படவிருக்கும் நிறுவனத்தின் பங்கு அப்படி நடப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் 54.20. முறிந்தால் எங்கோ கீழே; 30 டாலர் என்று என் ஊகமாக வைத்துக்கொள்வோம். (அந்த ஜூலையில் மஸ்க் விலகுவதாக அறிவித்தபின் பங்கு 33 டாலருக்கும் கீழே போயிருந்தது.) நடுவில் நிற்கும் 52, இந்த இரண்டு முடிவுகளின் எடையிட்ட சராசரிதான். 30-க்கும் 54.20-க்கும் இடையே 24.20 டாலர்; அதில் 22 டாலர் ஏறி நிற்கிறது. ஆக, ஒப்பந்தம் நிறைவேற 91 சதவீத வாய்ப்பு என்று சந்தை சொல்கிறது. வட்டியை விட்டுவிடுகிறேன், கெடு சில வாரங்கள்தான்.

இனி ஆப்ஷன்களுக்கு விலை போடுங்கள். 50 ஸ்டிரைக் கால், முடிந்தால் 4.20 தரும், முறிந்தால் ஒன்றும் தராது. அதன் மதிப்பு சுமார் 3.82. அதே ஸ்டிரைக்கில் பங்கை விற்கும் உரிமையான புட், முறிந்தால் 20 டாலர் தரும். ஒன்பது சதவீத வாய்ப்புக்கு 1.82. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 2 டாலர். 52-இல் 50-ஐக் கழித்தால் வருவதும் அதுதான். நீங்கள் கேட்ட 55 காலுக்கு வாருங்கள். முடிந்தாலும் பூஜ்யம், முறிந்தாலும் பூஜ்யம். யாராவது கூடுதல் விலையோடு குறுக்கே வந்தால்தான் அதற்கு உயிர். 2016-இல் ஸ்டார்வுட் ஹோட்டல்களுக்கு மாரியட்டும் அன்பாங்கும் போட்டி போட்டதைப் போல அபூர்வமாக அது நடக்கும். ட்விட்டருக்கு அன்று அப்படி யாரும் இல்லை.

ஐ.வி. விழுந்துவிட்டது என்கிறீர்களே, எந்த ஸ்டிரைக்கில் என்று பாருங்கள். 54.20-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் அது படுத்துவிடும். 45 ஸ்டிரைக் புட்டைப் பாருங்கள்: முறிந்தால் 15 டாலர் தரும், ஒன்பது சதவீதத்துக்கு 1.36. சூத்திரம் இந்த விலையை நியாயப்படுத்தப் பெரிய ஐ.வி.யைக் கேட்கும். ஒரே பங்கு, ஒரே நாள், இரண்டு ஐ.வி.! தரகரின் திரையில் மேலே காட்டும் ஒற்றை எண்ணை நம்பி ‘மலிவு’ என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

30 என்பது வெறும் ஊகம்தானே என்பீர்கள். 25 என்று வைத்துப் பாருங்கள். வாய்ப்பு 92 சதவீதத்துக்குச் சற்று மேலே போகும், 45 புட் 1.50-ஐத் தொடும். பெரிய மாற்றமில்லை. சந்தை விலை 52 என்று நிலையாக இருப்பதால் ஊகத்தின் பிழை பாதி தன்னையே திருத்திக்கொள்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

காலாவதித் தேதிதான் சிக்கலானது. விலகப் பார்த்த மஸ்க் மீது ட்விட்டர் போட்ட வழக்கில், டெலவேர் நீதிமன்றத்தில் அக்டோபர் 17-இல் விசாரணை தொடங்க வேண்டியிருந்தது. அக்டோபர் 6 அன்று நீதிபதி மெக்கார்மிக் அதை நிறுத்திவைத்து, 28-ஆம் தேதிக்குள் ஒப்பந்தத்தை முடிக்கக் கெடு கொடுத்தார். அக்டோபர் 21-இல் காலாவதியாகும் புட், கெட்ட செய்தி வருவதற்கு முன்பே இறந்துபோகக்கூடும். நவம்பர் புட் அதைத் தாண்டி உயிரோடு இருக்கும். இரண்டின் விலை வித்தியாசத்தில் அந்தக் கெடுவின் பயம்தான் இருக்கிறது. அன்றாட ஆட்டத்துக்கு அதில் பங்கு குறைவு. புட்டை விற்று 1.36 வாங்கிப் பையில் போடுபவர், முறிந்தால் 15 கொடுக்க வேண்டியவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

அக்டோபர் 27 அன்று பங்கு 53.70-இல் முடிந்தது; அன்றிரவே கைமாற்றம் நடந்தது. இப்படிப் பங்கு முழுக்க ரொக்கமாக மாறியதும், அமெரிக்காவின் ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன் மிச்சமிருக்கும் ஆப்ஷன்களின் காலாவதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். 40 ஸ்டிரைக் கால் வைத்திருந்தவருக்கு 14.20. அடுத்த ஆண்டுவரை நேரம் இருக்கிறது என்று 60 ஸ்டிரைக் வைத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை.

இப்படி ஒரு நிறுவனத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். ஒன்றரை ஆண்டு நேரம் பாக்கியிருந்த காலை வைத்திருந்தேன். கையகப்படுத்தும் அறிவிப்பு வந்து பங்கு துள்ளியதும் வீட்டில் இனிப்பு வாங்கினேன். மாலையில் கணக்கைத் திறந்தால், பங்கு ஏறியதில் வந்த லாபத்தில் பெரும்பகுதியை, அந்த நேரத்துக்காக நான் கொடுத்திருந்த பிரீமியம் தின்றுவிட்டிருந்தது.