பில்லில் ஏறாத தள்ளுபடி

அன்புள்ள ஐயா,

நான் காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே புத்தக வடிவமைப்பு செய்கிறேன். பக்கத்துக்கு 300 ரூபாய் வாங்குவது வழக்கம். சிறப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்றுக்கு 40 பக்க ஆண்டறிக்கை செய்துகொடுத்தேன். நல்ல காரியம் என்று பக்கத்துக்கு 150 என்றே பில் போட்டேன். இப்போது அதன் அறங்காவலர்களில் ஒருவர், ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருப்பவர், தன் கம்பெனி கேட்டலாக்குக்கும் "அதே 150தானே?" என்கிறார். மறுக்கக் கூச்சமாக இருக்கிறது. இனி அறக்கட்டளை வேலையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? சலுகைக் கட்டணத்தை என் வலைத்தளத்தில் போடலாமா? இவர்களிடம் முன்பணம் கேட்பது சரியா?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பணம் தாராளமாகக் கேளுங்கள். வலைத்தளத்தில் போடாதீர்கள். இந்த இரண்டுக்கும் இவ்வளவு போதும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி: "150 என்றே பில் போட்டேன்." ஷூ கம்பெனிக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் எழுதிக்கொடுத்த விலையைத்தான் அவர் படித்திருக்கிறார். கோபம் உங்கள் மேல்தான். இதே தவற்றை நானும் செய்தவன் என்பதால் அது கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

1997இல் வேலூர் லாங் பஜார் அருகே ஒரு மாடியறையில் மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். ஜவ்வாது மலையில் வேலை செய்த ஒரு சிறு அமைப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கான கையேடு, 60 பக்கம், தமிழில் வேண்டும். என் கட்டணம் அப்போது பக்கத்துக்கு 50 ரூபாய். ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்போடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, 20 போதும் என்றேன். ஒரு படி சாமையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்த வேலையைப் போல் வேறெதையும் நான் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. முடித்துவிட்டுப் பில் எழுதினேன்: "மொழிபெயர்ப்பு, 60 பக்கம், பக்கத்துக்கு ரூ.20, மொத்தம் ரூ.1,200."

மூன்று ஆண்டுகள் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அமைப்பு கூப்பிட்டது. அந்த மலை அமைப்புக்குப் பணம் கொடுத்துவந்தது அதுதான். பல மாவட்டங்களுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு கையேடுகள், நிறைய வேலை. என் கட்டணத்தைச் சொன்னதும் அவர்களுடைய கணக்காளர் ஒரு கோப்பைத் திறந்து என் கையெழுத்திட்ட பில்லின் நகலைக் காட்டினார். அந்த விலையை வைத்தே திட்ட மதிப்பீடு எழுதியாகிவிட்டது, மூன்று ஆண்டுக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது. "ஏழை அமைப்பு என்று குறைத்தேன்" என்றேன். "அப்படி இதில் எழுதவில்லையே, சார்" என்றார். நான் அந்த வேலையை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் இருந்தார்கள். திருப்பத்தூர் பக்கத்து ஆசிரியர்கள் இருவர் ராத்திரி முழுக்க விழித்துப் பக்கத்துக்கு 20 ரூபாய்க்கு அந்தக் கையேடுகளை மொழிபெயர்த்தார்கள். அவர்களுக்கு விலை வைத்தவன் நான்.

தள்ளுபடி வாயில் இருக்கும்வரை அது உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையிலான அன்பு. பில்லில் வெறும் 150 என்று ஏறிவிட்டால் அது வவுச்சராகிவிடுகிறது. ஆடிட்டர் பார்ப்பது வவுச்சரை, அடுத்த ஆண்டு பட்ஜெட் எழுதப்படுவது சென்ற ஆண்டு வவுச்சரைப் பார்த்து, அறங்காவலர் கையெழுத்துப் போடுவதும் அதில்தான். அந்தக் காகிதத்தில் உங்கள் மனசு எங்கும் இல்லை.

நீங்கள் எழுதியிருக்க வேண்டிய பில் மூன்றே வரி.

வடிவமைப்பு, 40 பக்கம், பக்கத்துக்கு ரூ.300: ரூ.12,000
அறக்கட்டளைச் சலுகை, இந்த ஆண்டறிக்கைக்கு மட்டும்: ரூ.6,000 கழிவு
செலுத்த வேண்டியது: ரூ.6,000

இந்த நடுவரியை எழுதத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். முழுத்தொகையை எழுதினால் அதற்கெல்லாம் வரி வந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். வராது. ஜிஎஸ்டி பதிவு இருந்தாலும், தள்ளுபடி பில்லிலேயே காட்டப்பட்டிருந்தால் வரி 6,000த்துக்குத்தான். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவே தேவையில்லை. வருமான வரியிலும் உங்கள் வருமானம் கைக்கு வர வேண்டிய 6,000தான். விட்டுக்கொடுத்த ஆறாயிரத்துக்கு "80ஜி ரசீது தருகிறோம்" என்று அவர்கள் சொன்னால் மட்டும் வாங்காதீர்கள். அந்த வரிச் சலுகை பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு உரியது, உழைப்புக்கு இல்லை.

முழுவதும் இலவசமாகச் செய்தாலும் இதே பில்லைப் போடுங்கள், கடைசி வரியில் சுழியம் வரட்டும். காரணம் சொல்லாமல் பாதி விலை வாங்குவதைவிடக் காரணம் எழுதி ஒன்றுமே வாங்காமல் இருப்பது உங்கள் கட்டணத்தைப் பத்திரமாக வைத்திருக்கும்.

வேலையை விட்டுவிடலாமா என்கிறீர்கள். எதற்கு விட வேண்டும்? குறைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் செலவு எந்தத் தலைப்பில் வருகிறது?" வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகள் அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. 2020இல் சட்டம் திருத்தப்படும்வரை அது 50 சதவீதம். அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு நிர்வாகக் கணக்கில் சேர்வது. அங்கே அவர்கள் கை இறுக்கம் என்றால் அது உண்மையான இறுக்கம். குறைத்துக்கொடுங்கள். ஆனால் பயிற்சிக் கையேடு, பெற்றோருக்கான விளக்கப் புத்தகம் போன்றவை பெரும்பாலும் திட்டச் செலவில் வரும். அதற்கு நன்கொடையாளர் ஏற்கெனவே பணம் ஒதுக்கியிருப்பார். 12,000 ஒதுக்கிய இடத்தில் நீங்கள் 6,000 வாங்கினால் மிச்சம் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்குப் போகாது. செலவாகாத தொகை என்று திரும்பிப் போகும், அல்லது அடுத்த ஆண்டு ஒதுக்கீடே 6,000 ஆகும். பட்ஜெட் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்பது அநாகரிகம் இல்லை. ஒழுங்காக நடக்கும் அமைப்பு காட்டும்.

உங்கள் பில் கொடுத்தாகிவிட்டது. அதைத் திருத்தப் போகாதீர்கள், அவர்கள் கணக்கு குழம்பும். அறக்கட்டளைச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: "ஆண்டறிக்கைக்கு என் கட்டணம் ரூ.12,000. பள்ளியின் பணிக்காக அதில் ரூ.6,000 விட்டுக்கொடுத்தேன். பில்லில் அது விடுபட்டுவிட்டது. இக்கடிதத்தை வவுச்சருடன் சேர்த்து வைக்க வேண்டுகிறேன்." நகல் ஒன்று அந்த ஆம்பூர்க்காரருக்கும் போகட்டும். கேட்டலாக்குக்குத் தனியாக 300 என்று கொட்டேஷன் கொடுங்கள். அவர் தோலை அறக்கட்டளை விலைக்கு வாங்குவதில்லை, ஷூவை அறக்கட்டளை விலைக்கு விற்பதும் இல்லை. உங்களுக்குக் கூச்சம் இருக்கலாம், கடிதத்துக்கு இருக்காது. அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் போகட்டும். பக்கம் 150க்குக் கேட்டலாக் செய்துகொடுத்தால் ஆம்பூரில் அடுத்து வரும் ஒவ்வொரு கம்பெனியும் அந்தப் பில்லின் நகலோடுதான் வரும்.

அந்த மலைக் கையேட்டின் ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் பக்கத்துக்காக அந்த அம்மாவோடு அரைநாள் உட்கார்ந்து, மலைப் பெண்கள் பேசும் சொற்களைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். அதை 20 ரூபாய்க்குச் செய்ததில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. வருத்தம் எல்லாம் அந்தப் பில்லில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரிதான். உங்கள் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். மார்ச்சில் கணக்கு முடித்துக் கோப்பைக் கட்டிவிடுவார்கள்.

அன்புடன்.