பையின் அடியைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: என் லாப்டாப் 14 அங்குலம். 16 அங்குலப் பை தள்ளுபடியில் கிடைக்கிறது. பெரிதாக வாங்கி வைத்தால் பின்னால் உதவும்தானே?
— யீஷூன் வாசகி

பதில்: உதவாது, லாப்டாப் உள்ளே ஊஞ்சலாடும். அந்த 14 என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு மட்டும்தான். லாப்டாப்பின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: பஞ்சு வைத்த பைதான் வாங்கினேன். இரண்டே மாதத்தில் லாப்டாப்பின் கீழ்மூலை நசுங்கிவிட்டது. நான் ஒருநாளும் கீழே போட்டதில்லை.
— செங்காங் வாசகர்

பதில்: போட்டதில்லை, சரி. வைத்திருப்பீர்களே? ரயிலில் ஏறினால் பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள் என்று ‘பேக்-டவுன் பென்னி’ சுவரொட்டியில் நின்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். நாமும் வைக்கிறோம். போக ஒரு ரயில், வர ஒரு ரயில், நடுவில் பேருந்து, அலுவலக மேசையடி, மதியம் உணவங்காடி நாற்காலி என்று நாளுக்கு ஆறு முறையாவது பை தரையைத் தொடும். இரண்டு மாத வேலைநாட்களுக்குக் கணக்குப் போட்டால் இருநூற்றைம்பது முறை. ஒவ்வொரு முறையும் ‘தொப்’பென்று இறங்குகிறது. அந்த அடியை வாங்குவது பையா, லாப்டாப்பா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான பைகளில் முன்னும் பின்னும் பஞ்சு இருக்கும். விரல் படும் இடம் அதுதான் என்று தைப்பவருக்குத் தெரியும். லாப்டாப் அறையின் அடியில் வெறும் துணி. லாப்டாப்பின் முழு எடையும் அந்தத் துணி வழியே நேராகத் தரையில் இறங்குகிறது, அதுவும் மூலையில்.

நல்ல பையில் லாப்டாப் அறை, பையின் அடிவரை வராது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேயே முடிந்து, தொட்டில் மாதிரி தொங்கும். கடையில் பார்ப்பது சுலபம். உங்கள் லாப்டாப்பையோ அதே அளவுப் புத்தகத்தையோ அந்த அறையில் போட்டுப் பையை மேசைமேல் நிற்க வையுங்கள். பெரிய அறைக்குள் கையை விட்டு லாப்டாப் அறையின் அடியைத் தடவுங்கள். விரல் உள்ளே போக இடம் இருந்தால் பிழைத்தீர்கள். மேசை தட்டுப்பட்டால் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பஞ்சையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போல அழுத்தியதும் ஒன்றுமில்லாமல் போய், எதிர்ப்பக்க விரல் தெரிந்தால் அது ஒப்புக்குச் சேர்த்த பஞ்சு. கடற்கரைச் செருப்பின் அடி போல எதிர்த்து நிற்க வேண்டும். தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட வேண்டாம், அடர்த்தி போதும்.

கேள்வி: ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பி 89 வெள்ளிக்கு இணையத்தில் வாங்கினேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் மழையில் நடந்தேன். உள்ளே கையளவு தண்ணீர். லாப்டாப் இயங்கவில்லை. விற்றவரோ ‘மழையில் நீங்கள் நடந்திருக்கக் கூடாது’ என்கிறார்.
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: சிங்கப்பூரில் மழையில் நடக்கக் கூடாதாம்! இந்தப் பதிலை எழுதியவருக்கு ஒரு டிசம்பர் மாதம் பரிசளிக்க வேண்டும். உங்கள் மேல் தவறில்லை ஐயா.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற அந்த ஒரு வார்த்தையின் மேல் எனக்குப் பல ஆண்டுக் கோபம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். விற்பவர் காட்டுவது துணியை. ஒரு கிண்ணம் தண்ணீரை ஊற்றுவார், தாமரை இலையில்போல உருண்டு ஓடும், நாமும் வாய் பிளப்போம். துணி உண்மையில் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் பை என்பது துணி மட்டுமா? ஊசி குத்திய ஒவ்வொரு தையல் துளையும் ஒரு வாசல். உள்ளே தையலின்மேல் நாடா ஒட்டியிருந்தால்தான் அந்த வாசல் மூடும். பையைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், நாடா இல்லையென்றால் அது மழையைத் தாமதப்படுத்தும் பை, தடுக்கும் பை அல்ல.

அதைவிடப் பெரிய வாசல் ஜிப். தோளில் மாட்டும் பையில் ஜிப் உச்சியில் வளைந்து போகும், வானத்தைப் பார்த்தபடி. சாதாரண ஜிப்பின் பல்லிடுக்கில் பத்து நிமிட மழை தாராளமாக இறங்கும். ஜிப்மேல் ஒரு விரல் அகலத்துக்குத் துணி மடிப்பு கவிந்திருக்க வேண்டும். ரப்பர் பூசிய ஜிப் என்றாலும், இழுப்பான் வந்து நிற்கும் முனையில் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை: லாப்டாப் அறையில் டிஷ்யூ காகிதத்தை விரித்து, பையை மூடி, குளியலறை ஷவரின் கீழ் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். காகிதம் எங்கே நனைந்ததோ அங்கேதான் வழி.

இப்போது உங்கள் பணம். விளம்பரப் பக்கம் மாறுவதற்குள் படம்பிடித்து வையுங்கள். விற்றவர் இங்குள்ள வணிகர் என்றால், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை, கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது அவர் வேலை. முதலில் பழுதுபார்ப்போ மாற்றுப் பையோ கேளுங்கள், அது நடக்காவிட்டால் பணம். எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’, அதற்கும் மேல் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. லாப்டாப்புக்கான இழப்பையும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பழுதுபார்ப்பவரிடம் ‘தண்ணீரால் கெட்டது’ என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். பைக்குக் கிடைக்கும் என்று சொல்வேன், லாப்டாப்புக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அலமாரியில் இரண்டு வருடம் வைத்திருந்த புதுப்பையின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. காய வைத்தால் சரியாகுமா?
— தெம்பனிஸ் வாசகி

பதில்: ஆகாது. உள்ளே பூசிய பாலியூரித்தேன் நம் ஊர் ஈரக்காற்றில் சிதைகிறது. எனக்கும் இதே கதைதான். சலுகை விலையில் இரண்டு வாங்கி, ஒன்றை ‘பத்திரமாக’ பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்தேன். பிரித்தபோது வெள்ளைச் செதில்கள் பொடுகு போலக் கொட்டின. தினம் தோளில் போட்ட பை இன்னும் ஓடுகிறது. ஒன்று வாங்குங்கள், அதை உபயோகியுங்கள்.

கேள்வி: ஒற்றைத் தோள் பை அழகாக இருந்தது, வாங்கினேன். இப்போது வலது தோள் வலிக்கிறது. எந்தப் பட்டை போட்டால் வலிக்காது?
— பொங்கோல் வாசகர்

பதில்: இரண்டாவது பட்டை. எடை போட்டீர்களா? லாப்டாப் 1.4 கிலோ, சார்ஜர் 0.3, நிறைந்த தண்ணீர்ப் புட்டி ஒரு கிலோவுக்குப் பக்கம், சாப்பாட்டு டப்பா அரைக் கிலோ, பை மட்டுமே ஒரு கிலோ. நாலு கிலோ ஒரு தோளில் தொங்கினால் தோள் என்ன செய்யும்?

இரண்டு தோள் பையிலும் லாப்டாப் அறை முதுகை ஒட்டி இருக்க வேண்டும். முன்பக்க அறையில் வைத்தால் அது உங்களைப் பின்னால் இழுக்கும், நீங்கள் குனிந்து நடப்பீர்கள். பட்டையை இறுக்கி, பையின் அடி இடுப்போடு நிற்கச் செய்யுங்கள். புட்டியைக் காலியாகக் கொண்டுபோய் அலுவலகத்தில் நிரப்புங்கள், ஒரு கிலோ போயிற்று.

கேள்வி: எதற்கு இத்தனை ஆராய்ச்சி? ஆறு வெள்ளி மழை உறை மாட்டினால் போதாதா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: உறை முதுகுப்பக்கத்தை மூடாது. நீங்கள் அதைத் தேடி எடுப்பதற்குள் மழையும் நின்றிருக்கும்.