69ஏ நோட்டீஸ்: ஆட்சேபம் எழுதும் முறை

"2022-23 மதிப்பீட்டு ஆண்டுக்கு, வங்கியில் கட்டிய 9 லட்சம் ரொக்கத்தை வருமான வரிச் சட்டம் 69ஏ பிரிவில், விளக்கமில்லாத பணம் என்று வருமானமாகச் சேர்க்கப் போகிறார்களாம். என்ன பதில் எழுதுவது சார்?"

மொத்தமாக ஒரே பதில் வேண்டாம். நோட்டீஸின் பத்தி எண்ணையே தலைப்பாகப் போட்டு, ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் தேதி, தொகை, பணம் வந்த வழி, ஆதாரம் எந்த இணைப்பில் என்று எழுதுங்கள். ஏப்ரலில் எடுத்த 5 லட்சத்தில் 4 லட்சத்தை ஜூனில் திரும்பக் கட்டியிருந்தால், ஸ்டேட்மெண்டில் இரண்டு வரியையும் குறித்துக் காட்டி, இடையில் பணம் ஏன் கையில் இருந்தது என்றும் சொல்லிவிடுங்கள், அதிகாரி கேட்கப்போவது அதைத்தான். ஒரு டெபாசிட்டை விட்டுவிட்டால் அதற்கு விளக்கமே இல்லை என்று ஆர்டரில் எழுதிவிடுவார்கள், அப்புறம் அதே சட்டத்தின் 115பிபிஇ பிரிவில் சர்சார்ஜ், செஸ்ஸோடு 78 சதவீதம் வரி. கெடுவுக்குள் வருமான வரி போர்ட்டலின் e-Proceedings பகுதியில் பதிலை ஏற்றுங்கள், காணொளி விசாரணையும் எழுத்தில் கேளுங்கள்.