'என்று' வருமுன் முற்றுப்புள்ளி வேண்டுமா?

கேள்வி: சிறுகதை எழுதிவருகிறேன். "நான் வரமாட்டேன்." என்று சொன்னாள் என எழுதுவதா, "நான் வரமாட்டேன்," என்று எழுதுவதா, புள்ளியே வேண்டாமா? கேள்விக்குறி வந்தால் என்ன செய்வது? மேற்கோள்குறியே போடாமல் எழுதினால் தவறா?

பதில்: புள்ளி வேண்டாம். "நான் வரமாட்டேன்" என்று சொன்னாள். இப்படி எழுதினால் போதும். முற்றுப்புள்ளி முழு வாக்கியத்துக்கும் ஒன்றுதான். அது 'சொன்னாள்' என்பதற்குப் பின்னால் வரும். 'வரமாட்டேன்' என்பதை அடுத்து முற்றுப்புள்ளி வைத்தால், வாக்கியம் அங்கே முடிந்துவிட்டதாகக் கண் நின்றுவிடும். பிறகு 'என்று' தனியே தொங்கும்.

தமிழில் பேச்சு முடியும் இடத்தை 'என்று' என்ற சொல்லே காட்டிவிடுகிறது. மேற்கோள்குறிகள் அச்சோடு வந்தவை. அவை இல்லாத காலத்திலும் யார் பேச்சு எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் வந்ததில்லை. 1314ஆம் குறளைப் பாருங்கள்: 'யாரினும் காதலம் என்றேனா ஊடினாள் யாரினும் யாரினும் என்று.' அவன் சொன்னதை 'என்றேனா' மூடுகிறது. அவள் திருப்பிக் கேட்டதை 'என்று' மூடுகிறது. ஒரு குறிகூட இல்லாமல் ஒரு சண்டையே நடந்து முடிகிறது. 'என்று' இந்த வேலையைச் செய்யும்போது, அதன் முன்னால் காற்புள்ளியும் தேவையில்லை. ஆனால் பல இதழ்கள் காற்புள்ளி வைத்தே அச்சிடுகின்றன. ஆங்கில அச்சு முறையைப் பார்த்து வந்த வழக்கம் அது. பிழை என்று தள்ள வேண்டியதில்லை. உங்கள் இதழ் அப்படிக் கேட்டால் அப்படியே கொடுங்கள். ஒரே கதையில் இரண்டையும் கலப்பதுதான் கூடாது.

வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் வேறு வகை. அவை பேசியவரின் தொனியைச் சேர்ந்தவை என்பதால் மேற்கோளுக்குள்ளேயே இருக்க வேண்டும்: "நீ வருகிறாயா?" என்று கேட்டாள். கேட்பவர் நீங்களாக இருந்தால் குறி வெளியே போகும்: "நான் வருகிறேன்" என்று சொன்னாளா? உள்ளே ஒரு கேள்வி, வெளியே ஒரு கேள்வி என்றால் இரண்டு இடத்திலும் வையுங்கள்: "நீ வருகிறாயா?" என்று கேட்டாளா?

பேச்சு இரண்டு மூன்று வாக்கியமாக நீண்டால், இடையில் உள்ள முற்றுப்புள்ளிகள் அப்படியே இருக்கும், கடைசியில் வருவது மட்டும் போகும்: "மழை வருகிறது. குடையை எடுத்துக்கொள்" என்று அம்மா சொன்னாள். பேச்சுக்குப் பின் முடிக்கும் வினையே வராவிட்டால் முற்றுப்புள்ளி உள்ளே திரும்பி வரும்: "நான் வரமாட்டேன்" என்றாள் வசந்தி. "எனக்கு வேலை இருக்கிறது." முதல் மேற்கோளை 'என்றாள்' தாங்குகிறது, இரண்டாவதைத் தாங்க ஆளில்லை, அது தன் காலிலேயே முடிகிறது. உங்கள் கதையில் எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் இந்த ஒன்றைப் பாருங்கள்: பின்னால் 'என்று', 'என', 'என்றாள்' இவற்றில் ஏதாவது வருகிறதா, இல்லையா.

பேசுபவர் முன்னால் வந்தால் அவர் பெயரை அடுத்துக் காற்புள்ளி வையுங்கள்: வசந்தி, "நான் வரமாட்டேன்" என்றாள். பெயர் பின்னால் போனால் அது வேண்டாம்: "நான் வரமாட்டேன்" என்று வசந்தி சொன்னாள். இன்னொரு சிறு விஷயம். 'என்று' என்பதை அடுத்து வல்லினம் மிகாது, 'என' என்பதை அடுத்து மிகும்: என்று கேட்டாள், எனக் கேட்டாள்.

இனி மேற்கோள்குறி இல்லாமல் எழுதுவது. 'போகலாமா என்று யோசித்தான்' போன்ற இடங்களில் குறி வேண்டியதே இல்லை. நினைப்பைச் சொல்லும்போது பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறோம். சிக்கல் 'நான்' வரும்போதுதான். 'நான் தவறு செய்துவிட்டேன் என்று அவர் சொன்னார்' என்று குறியில்லாமல் எழுதினால், தவறு செய்தது அவரா, கதை சொல்பவரா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். பேச்சில் குரல் இதைத் தீர்த்துவிடும், எழுத்தில் குரல் இல்லை. அவர் தன்னைத்தான் சொன்னார் என்றால் மேற்கோள்குறி போடுங்கள். அல்லது அயற்கூற்றாக்கி, 'தான் தவறு செய்துவிட்டதாக அவர் சொன்னார்' என்று எழுதுங்கள். இங்கே 'தான்' என்பது சொன்னவரையே குறிக்கும். 'அவர் தவறு செய்துவிட்டதாக அவர் சொன்னார்' என்றால் மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே வந்துவிடுவார். 'தான் வருவேன் என்று சொன்னான்' என்ற கலப்பும் அடிக்கடி கண்ணில் படுகிறது. எழுத்தில் இதை 'தான் வருவதாகச் சொன்னான்' என்றோ, "நான் வருவேன்" என்று சொன்னான் என்றோ ஒரு பக்கமாகத் திருத்துவது நல்லது.

ஆனால் 'ஆக' எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது. ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். கண்மணி, "நான் நாளை இங்கே வருகிறேன். நீ சாவியைக் கொடுத்துவிடு. உன் அப்பா ஊரில் இருக்கிறாரா?" என்று என்னிடம் கேட்டாள். முதல் வாக்கியம் செய்தி. அது 'ஆக' ஏற்கும்: தான் மறுநாள் அங்கே வருவதாகச் சொன்னாள். இரண்டாவது ஏவல், அதற்கு 'ஆக' ஒட்டாது, செயவென் எச்சமாக்க வேண்டும்: சாவியைக் கொடுத்துவிடச் சொன்னாள். மூன்றாவது வினா, அதற்கு 'என்று' மட்டுமே வழி: என் அப்பா ஊரில் இருக்கிறாரா என்று கேட்டாள். இங்கே வினாக்குறி கிடையாது, ஏனென்றால் இப்போது கேள்வி கேட்கப்படவில்லை, கேட்டது சொல்லப்படுகிறது. ஆகவே கண்மணியின் ஒரே மூச்சுப் பேச்சு அயற்கூற்றில் மூன்று வினைகளாகப் பிரிகிறது. ஒரே 'கேட்டாள்' போட்டு மூன்றையும் அடைத்தால் செய்தியும் கேள்வியாகிவிடும்.

'நாளை' 'மறுநாள்' ஆவதும் 'இங்கே' 'அங்கே' ஆவதும் பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியல்தான். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கண்மணி பேசிய அதே வீட்டில் இருந்துகொண்டு, அதே நாளில் நீங்கள் இதை இன்னொருவரிடம் சொல்கிறீர்கள் என்றால், 'நாளை இங்கே வருவதாகச் சொன்னாள்' என்பதே சரி. மாற்ற வேண்டியது எது என்பதை, சொல்பவர் எங்கே, எப்போது நிற்கிறார் என்பதே முடிவு செய்யும்.

கணினியில் தட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூடும் மேற்கோள்குறிக்கு முன்னால் இடைவெளி விழுந்தால், வளைந்த குறி போடும் மென்பொருள் அதைத் திறக்கும் குறி என்று எடுத்துக்கொண்டு தலைகீழாக வளைத்துவிடும். இடைவெளி குறிக்குப் பின்னால், 'என்று' என்பதற்கு முன்னால்தான் வர வேண்டும். பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் உள்ளே இருப்பதற்கு ஒற்றைக் குறி: "அப்பா 'போகாதே' என்றார்" என்று தம்பி சொன்னான்.