அப்பா விற்கும் பூர்வீக நிலம்: கர்த்தாவின் அதிகாரமும் பிள்ளைகளின் ஆட்சேபமும்

கேள்வி: என் அப்பா 1979-இல் தம் சகோதரர்களோடு செய்துகொண்ட பாகப்பிரிவினையில் 3 ஏக்கர் நஞ்சை நிலம் அவருக்கு வந்தது. இப்போது எங்களைக் கேட்காமலேயே அதை 60 லட்சம் ரூபாய்க்கு விற்பதாக ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் வாங்கிவிட்டார். கடன் இருக்கிறது என்கிறார். நான், அண்ணன், திருமணமான தங்கை என்று மூன்று பிள்ளைகள். எங்கள் கையெழுத்து இல்லாமல் அவர் விற்க முடியுமா? நீதிமன்றத்தில் தடை வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த 1979-ஆம் ஆண்டுப் பத்திரத்தை எடுத்து, சொத்து எப்படி வந்தது என்று எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். 'பிதுரார்ஜிதம்' என்றோ, தாத்தாவுக்கு அவருடைய முன்னோர் வழியில் வந்தது என்றோ இருந்தால், உங்கள் அப்பாவின் பங்கு அவருடைய பிள்ளைகளைப் பொறுத்தவரை கூட்டுக் குடும்பச் சொத்தாகவே நிற்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்குப் பொருந்தும். மாறாக, அது தாத்தாவின் சுயசம்பாத்தியமாக இருந்து, இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 17.6.1956-க்குப் பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய மகன்களுக்கு அது தனிச் சொத்தாகத்தான் வந்திருக்கும். 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அப்படியானால் உங்கள் அப்பா தம் விருப்பப்படி விற்கலாம். ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமையே கிடையாது. பூர்வீகச் சொத்து என்று நம்பி என்னிடம் வருபவர்களில் பலர் இந்த முதல் படியிலேயே திரும்பிப் போக நேர்கிறது.

சொத்து உண்மையிலேயே பூர்வீகமானது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் அப்பா கூட்டுக் குடும்பத்தின் கர்த்தா, அதாவது குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் தலைவர். குடும்பத்தின் அவசியத்துக்காகவோ சொத்தின் நன்மைக்காகவோ விற்கும்போது, அவருடைய ஒரு கையெழுத்தே, பிறப்பாலேயே சொத்தில் பங்குள்ள மற்றப் பங்குரிமையர்கள் அனைவரையும், மைனர்களையும் சேர்த்து, கட்டுப்படுத்தும். யாருடைய சம்மதமும் அவருக்குத் தேவையில்லை. கர்த்தா எழுதிய விற்பனை ஒப்பந்தத்துக்கும் இதுவே விதி என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது. வாங்குபவர்கள் பிள்ளைகளின் கையெழுத்தைக் கேட்பது, பின்னால் வழக்கு வராமல் இருப்பதற்கான முன்னெச்சரிக்கை. கர்த்தாவின் அதிகாரத்துக்கு அது நிபந்தனை அல்ல. ஆனால் அவசியமும் இல்லாமல், குடும்பத்துக்கு நன்மையும் இல்லாமல் அவர் விற்றால், உங்கள் பங்குகளைப் பொறுத்தவரை அந்த விற்பனை உங்களைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் தவிர்த்துவிடலாம்.

அவசியம் என்றால் எது? குடும்பத்தாரின் உணவு, மருத்துவம், படிப்பு, பிள்ளைகளின் திருமணம், சொத்துக்கான வரி, விவசாயத்துக்கு வாங்கிய கடன், சொத்தைக் காப்பாற்ற நடத்தும் வழக்கு ஆகியவற்றில் பெரிய தகராறு எழுவதில்லை. தகராறு வருவது அப்பாவின் சொந்தக் கடனில்தான். பழைய இந்துச் சட்டத்தில், விற்பனைக்கு முன்பே தனியாக வாங்கிய கடன், ஒழுக்கக்கேடான காரியத்துக்காக வாங்கப்படாத எதுவானாலும், அதை அடைக்கக் குடும்பச் சொத்தை விற்கும் தனி அதிகாரம் தந்தைக்கு இருந்தது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்பது அதற்கு அடிப்படை. வாரிசுரிமைச் சட்டத்தில் 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த 6(4) பிரிவு அந்த அடிப்படையை எடுத்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய கடன்களுக்கு மட்டும் பழைய விதி தொடர்கிறது. ஆகவே அப்பா 'கடன்' என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுவதில்லை. எப்போது வாங்கிய கடன், எதற்காக வாங்கியது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட தடை. கர்த்தா விற்கக்கூடாது என்று நிரந்தரத் தடை மட்டும் கேட்டு ஒரு பங்குரிமையர் வழக்குப் போட முடியாது என்று 1988-இல் சுனில் குமார் எதிர் ராம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசியம் இருந்ததா இல்லையா என்பதை விற்பனைக்குப் பிறகு விசாரித்து அறியலாம். அதற்கு முன்னதாகவே கர்த்தாவின் கையைக் கட்டிப்போட்டால் குடும்ப நிர்வாகமே நடக்காது என்பது அதன் காரணம். இந்தத் தீர்ப்பை அறியாமல் வெறும் தடை வழக்குப் போட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

ஆனால் பாகப்பிரிவினை கேட்பதை யாரும் தடுக்க முடியாது. அப்பா கர்த்தாவாக உங்கள் பங்கையும் சேர்த்து விற்க முடிவது, நீங்கள் கூட்டில் இருக்கும் வரைதான். 'நான் கூட்டிலிருந்து பிரிந்துவிட்டேன், என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்' என்று ஐயத்துக்கு இடமில்லாத சொற்களில் எழுதி, அது அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால், நிலத்தை இன்னும் அளந்து பிரிக்காவிட்டாலும் உங்கள் கூட்டு நிலை அறுந்துவிடுகிறது. அதன்பின் உங்கள் பங்கின் மீது கர்த்தாவின் அதிகாரம் செல்லாது. ஒப்புகைச் சீட்டு கிடைக்கும் வகையில் தபாலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவது இதற்காகத்தான். அந்த ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அதைத் தொடர்ந்து பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து, வாங்குபவரையும் பிரதிவாதியாகச் சேர்த்து, வழக்கு முடியும் வரை சொத்தை வில்லங்கப்படுத்தக்கூடாது என்று இடைக்காலத் தடை கேட்கலாம். தடை கிடைக்காமல் போனாலும், வழக்கு நிலுவையில் இருக்கும்போது நடக்கும் விற்பனை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதே.

உங்கள் நிலையில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க மாட்டேன். ஒப்பந்தம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் பிரிந்ததாக அறிவிப்பதற்கு முன் மற்றவர்களுக்கு ஏற்பட்டுவிட்ட உரிமையை அந்த அறிவிப்பு அழிக்காது. கடன் உண்மையாகவே குடும்பக் கடனாக இருந்தால், வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வழக்குப் போடலாம்; உங்கள் அறிவிப்பு அதற்குத் தடையாகாது. எனவே கடைசியில் எல்லாம் கடனின் தன்மையில்தான் வந்து நிற்கும்.

விலை தவிர உங்கள் கேள்வியில் வேறு தொகைகள் இல்லாததால், சிலவற்றை நானே வைத்துக் காட்டுகிறேன். நிலத்தின் பேரில் கிணற்றுக்கும் பயிருக்கும் வாங்கிய வங்கிக் கடன் 18 லட்சம், தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடன் 9 லட்சம். ஆக 27 லட்சத்துக்குக் குடும்ப அவசியம் இருக்கிறது. மீதி 33 லட்சத்தை அப்பா தம் நண்பரின் தொழிலில் போடப்போகிறார். ஏக்கர் 20 லட்சம் என்றால் 1 ஏக்கர் 35 சென்ட் விற்றாலே கடன் தீர்ந்துவிடும். அப்படியிருக்க 3 ஏக்கரையும் ஏன் விற்றார் என்பதே நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி. துண்டாக வாங்க யாரும் முன்வரவில்லை, பாதை இல்லை என்பன போன்ற காரணங்களை அப்பாவும் வாங்கியவரும் காட்டக்கூடும். அவை உண்மையானால் எடுபடும். விலையில் சிறு பகுதிக்கு மட்டும் கணக்கு இல்லையென்றால் விற்பனை முழுவதுமே நிற்கும். பாதிக்கு மேல் கணக்கு இல்லாத இந்த உதாரணத்தில் அது நிற்பது கடினம்.

நிற்காவிட்டாலும் முழுவதும் விழுந்துவிடாது. அப்பா, மூன்று பிள்ளைகள் என்று நான்கு பங்கு. தங்கையும் பிறப்பால் பங்குரிமையர் என்பதை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற எல்லைக்குள், ஒரு பங்குரிமையர் பிரிக்கப்படாத தம் பங்கை விலைக்கு விற்கலாம் என்பதால், அப்பாவின் நான்கில் ஒரு பங்கு வாங்கியவருக்குப் போய்விடும். மற்ற மூன்று பங்கும் உங்களுக்குத் திரும்பும்போது, 27 லட்சத்தில் உங்கள் மூவர் பங்கான 20 லட்சத்து 25 ஆயிரத்தை வாங்கியவருக்குச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தீர்ப்பு வர வாய்ப்பு அதிகம். வழக்குப் போடும் முன் அந்தப் பணத்துக்கு வழி இருக்கிறதா என்று மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

அவசியத்தை நிரூபிக்கும் சுமை வாங்கியவர் மேல் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். அவசியம் இருந்தது என்றோ, நேர்மையாக விசாரித்து அப்படி நம்பினேன் என்றோ அவர் காட்ட வேண்டும். ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1856-இல் வகுத்த இந்த விதி இன்றும் மாறவில்லை. ஆனால் உண்மையான அவசியத்தைக் காட்டிவிட்டால், கொடுத்த பணம் எப்படிச் செலவானது என்பதை அவர் கண்காணித்திருக்க வேண்டியதில்லை. பத்திரத்தில் 'குடும்ப அவசியச் செலவுக்காகவும் கடன் நிவர்த்திக்காகவும்' என்று எழுத்தர் வழக்கமாக எழுதும் வரி மட்டும் நிரூபணம் ஆகாது. நான் நடத்திய ஒரு வழக்கில் வாங்கியவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது, "என்ன கடன் என்று கேட்டீர்களா?" என்றேன். "பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதே ஐயா," என்றார். "யாருக்குக் கொடுக்க வேண்டிய கடன்?" என்றேன். பேசாமல் நின்றார். வழக்கு ஏறக்குறைய அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. விவரம் தெரிந்த வாங்குபவர், விலையிலிருந்து வங்கிக்கு நேராகவே பணம் கட்டி, ரசீதைத் தம்மிடம் வைத்துக்கொள்வார். உங்கள் எதிர்த் தரப்பு அப்படிப்பட்டவரா என்பதை இப்போதே விசாரித்து அறிவது நல்லது.

கிரயப் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெறும் சாட்சிக் கையெழுத்து சம்மதம் ஆகாது என்பது சட்டமானாலும், பத்திரத்தின் உள்ளடக்கம் தெரிந்தே போட்டீர்கள் என்று பிற சான்றுகளால் காட்டிவிட்டால், பின்னால் ஆட்சேபிப்பது கடினமாகிவிடும். விற்பனை பதிவாகிவிட்டால், அதில் கையெழுத்திடாத நீங்கள் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்க வேண்டியதில்லை. அது உங்கள் பங்குகளைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்து, பாகம் பிரித்துத் தரும்படி கேட்டால் போதும். தந்தை செய்த விற்பனையைத் தவிர்க்க, காலவரையறைச் சட்டத்தின் 109-ஆம் இனப்படி, வாங்கியவர் சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 12 ஆண்டுகள் அவகாசம் உண்டு. மைனராக இருந்தவருக்கு அந்த 12 ஆண்டுகள் முன்பே முடிந்திருந்தாலும், மேஜரான நாளிலிருந்து 3 ஆண்டுகள் கிடைக்கும். எனினும், வாங்கியவர் கட்டடம் கட்டி, வேறு ஒருவருக்கும் விற்றுவிட்ட பிறகு பன்னிரண்டாம் ஆண்டில் போடும் வழக்கை நடத்துவது பெரும்பாடு. உங்களைப் பொறுத்தவரை, கிரயம் பதிவாகும் முன்பே அறிவிப்பு அப்பாவின் கையில் சேர்ந்திருக்க வேண்டும்.