டப்பாவில் எழுதிய 24 கிராம் புரதம் உள்ளே இருக்கிறதா?

கேள்வி: எனக்கு 26 வயது. ஜிம் பயிற்சியாளர் கொடுத்த புரோட்டீன் பவுடரை இரண்டு வாரமாகக் குடிக்கிறேன். ஒரு ஸ்கூப் 33 கிராம். அதில் 24 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. மூலப்பொருள்கள்: வே புரோட்டீன் கான்சென்ட்ரேட், கிளைசின், கிரியேட்டின் (3 கிராம்), டாரின், கோகோ, இனிப்பூட்டி. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இருக்கிறது. "தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைகிறது, அசல் சரக்கு" என்கிறார் அவர். தொடரலாமா?

மருத்துவர் பதில்: இந்த டப்பாவை நிறுத்திவிடுங்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் விவரங்களை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே கான்சென்ட்ரேட்டின் நல்ல ரகத்தில் 100 கிராமுக்கு 80 கிராம் அளவில் புரதம் இருக்கும். அப்படியானால் 24 கிராம் புரதத்துக்கு 30 கிராம் வே வேண்டும். 33 கிராம் ஸ்கூப்பில் மிஞ்சுவது 3 கிராம். அந்த இடத்தைக் கிரியேட்டினே நிரப்பிவிடுகிறது. கிளைசின், டாரின், கோகோ எல்லாம் எங்கே போகும்? மூலப்பொருள்களை எடை குறையும் வரிசையில்தான் எழுத வேண்டும். கிரியேட்டினுக்கு முன்னால் கிளைசின் வருவதால் அதுவும் 3 கிராமுக்குக் குறையாது. கணக்கு உதைக்கிறது.

பிறகு எப்படி 24 என்று அச்சிடுகிறார்கள்? ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்யும் கெல்டால் சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. பொடியிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்கிறது. பால் புரதத்துக்கு 6.38ஆல் பெருக்குவதும் உண்டு. நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்பது அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள், குழந்தைகள் இறந்தார்கள். கிளைசினும் கிரியேட்டினும் மெலமைன் போன்ற நஞ்சு அல்ல. ஆனால் வேயைவிட மலிவானவை, நைட்ரஜன் மிகுந்தவை. உங்கள் ஸ்கூப்பிலுள்ள 3 கிராம் கிரியேட்டின் மட்டுமே 5 கிராமுக்கு மேல் புரதமாகக் கணக்கில் ஏறிவிடும். 3 கிராம் கிளைசின் மூன்றரை கிராமாக ஏறும். இவற்றைக் கழித்தால் உண்மையான புரதம் 15 கிராம் அளவில்தான் நிற்கிறது. அதற்கு 19 கிராம் வே போதும். மற்றவற்றுக்கும் ஸ்கூப்பில் இடம் கிடைத்துவிடுகிறது. நான் பொடியைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் விளக்கத்தை ஒதுக்க என்னால் முடியவில்லை.

கட்டி தட்டாமல் கரைவது புரதத்துக்கு அடையாளம் அல்ல. லெசித்தின் சேர்த்தால் பொடி எளிதில் கரையும். பயிற்சியாளரின் உடற்கட்டும் சாட்சி ஆகாது. அது பல ஆண்டு உழைப்பில் வந்தது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமம். உங்கள் கையிலுள்ள டப்பாவைச் சோதித்ததாக அதற்குப் பொருள் இல்லை. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து, கேரள மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதப் பொடிகளில், லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை.

ஆகவே விற்பவருக்குச் சம்பந்தமில்லாத அமைப்பு சோதித்த பொடியாகப் பாருங்கள். இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரை இருந்தால், விளையாட்டில் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்துகள் கலந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு பேட்சையும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். புரத அளவுக்கு அது உறுதி தராது. அதற்கென 'இன்ஃபார்ம்டு புரோட்டீன்' என்று தனி முத்திரை இருக்கிறது. 'என்.எஸ்.எஃப். சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' இரண்டையும் பார்க்கிறது: தடை செய்யப்பட்ட பொருள்கள், லேபிளின் உண்மை. முத்திரையை யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்பதால், அந்த அமைப்பின் இணையதளத்துக்கே போய்ப் பொருளின் பெயரையும், பேட்ச் வாரியாகச் சோதிப்பதென்றால் டப்பாவிலுள்ள பேட்ச் எண்ணையும் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த முத்திரையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முத்திரை எதுவும் இல்லாத பொடியில் அமினோ அமிலப் பட்டியலைப் பாருங்கள். வே புரதத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு லூசின். 24 கிராமுக்கு இரண்டரை கிராம் அளவில் இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். லூசினைத் தனியாகச் சேர்த்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

இன்னொன்று. கிரியேட்டின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் சற்று உயர்ந்து காட்டலாம். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, இரண்டு வாரம் இந்தப் பொடியைக் குடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அவர், சிறுநீரகத்தை வேறு வழியில் பார்க்கும் சிஸ்டாட்டின் சி சோதனையைக் கேட்பார்.